வகிட்டில் தெரியும் வெள்ளை

மண்ணரையில் பனியன் தைக்கும் வேலாத்தாளுக்கு இருபத்தாறு வயதிலேயே பாதித் தலை நரைத்துவிட்டது. பெண் பார்க்க வந்தபோது போட்ட செமி பெர்மனென்ட் சாயம், தலைக்குக் குளிக்கக் குளிக்க மங்கிப் போனது. கல்யாணத்துக்கு முந்தின நாள் அம்மா அவளை மறுபடியும் பியூட்டி பார்லருக்கு அழைத்து வந்தாள்.

“போன தடவ போட்டது முடிமேலதான் ஒட்டும், ஏழெட்டுக் குளியல்ல போயிருமுங்க,” என்றாள் பார்லர் நடத்தும் ஸ்டெல்லா. “பெர்மனென்ட் உள்ளாற எறங்கீரும், கழுவுனாலும் போகாது. ஆனா புதுசா மொளைக்கிற முடி வெள்ளையாத்தான் வரும்.”

“போகாததையே போடுங்க,” என்றாள் அம்மா.

வேலாத்தாள் அம்மாவின் கையைப் பிடித்தாள். “அடுத்த மாசம் வகுட்டுல வெள்ளக்கோடு தெரியுமேம்மா. அவருகிட்ட என்ன சொல்றது?”

அம்மா தடுத்தும் கேளாமல் வேலாத்தாள், சோமனூர் தறிக்கூடத்துக்குப் போன் போட்டு மாப்பிள்ளை கன்னையனிடம் உண்மையைச் சொன்னாள். அம்மா கண்களை மூடிக்கொண்டாள்.

“மொதல்லயே சொல்லியிருக்கோணும்,” என்றான் அவன் தறிச்சத்தத்துக்கு நடுவில். குரலில் கோபம் இருந்தது. “செரி, இதுக்கெல்லாம் கல்யாணம் நிக்காது. நாங்க வந்தர்றோம்.”

வேலாத்தாள் ஸ்டெல்லாவிடம் திரும்பி, நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அவருக்குத்தான் தெரிஞ்சிருச்சே, கல்யாணப் போட்டோவுக்கு மட்டும் போதுங்க. கழுவுனாப் போறதையே போடுங்க. அது மெதுவாப் போகட்டும்.”