சாப்பாட்டு நேரத்தில் பிடித்த சூடு

அம்பத்தூரில், இரும்புத் தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் நான் சூப்பர்வைசராக இருந்தேன். ஒரு நாள் காலை, எல்லா பிரஸ்ஸும் ஓடிக்கொண்டிருக்கும்போது, எலக்ட்ரீஷியன் மின்சார பேனலைத் திறந்து, சூடு பார்க்கும் துப்பாக்கியால் ஒவ்வொரு இணைப்பாக அளந்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சார், மூணு பேஸ் லைன்ல நடு லைன் மட்டும் தொண்ணூத்தி நாலு டிகிரி காட்டுது. பக்கத்துல ரெண்டும் நாப்பத்தாறுதான். போல்ட் லூஸா கீது. அரை மணி நேரம் கரண்ட நிறுத்துங்க, முறுக்கிடறேன்."

உற்பத்தியை நிறுத்த எனக்கு மனமில்லை. மதியம் பிரஸ்கள் ஓய்ந்து முக்கால் மணி நேரம் கழித்து, சாப்பிட்டு வந்தவர்கள் முன்னால் அதே இணைப்பை நானே அளந்தேன். நாற்பத்தொன்று.

"இன்னாபா, உன் பேனலுக்கு ஜொரம் வுட்டுப்போச்சா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"லோடு ஓடும்போது புடிங்க சார்," என்றார் மெதுவாக. மின்சாரம் இழுக்காத இணைப்பு சுடாது என்பது எனக்கும் தெரியும். தெரிந்துதான் அந்த நேரத்தில் பிடித்தேன். நோட்டில் நாற்பத்தொன்று என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

மறுநாள் மறுபடி அளந்து காட்ட அவர் பேனல் கதவைத் திறந்தபோது அந்த இணைப்பு வெடித்தது. அவருடைய வலது கை முழங்கை வரை வெந்துபோனது.

விசாரணைக்கு வந்தவர் நோட்டைப் புரட்டி, "இது எத்தனை மணிக்கு எடுத்த ரீடிங்?" என்று கேட்டார்.

"காலைல பத்து மணிக்கு, எல்லா பிரஸ்ஸும் ஓடும்போது," என்றேன்.