அஞ்சலிக்கு அளந்த இடம்

அலுவலகத்தில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். பத்திரிகையின் அஞ்சலிப் பக்கத்துக்கு வருகிற குறிப்புகளைக் கட்டத்துக்குள் அடங்கச் சுருக்குவது அவள் வேலை. 'என்பது குறிப்பிடத்தக்கது' அவள் கையில் பட்டால் பிழைக்காது. 'உதவி செய்து வந்தார்' என்பது 'உதவினார்' ஆகிவிடும். ஆனால் எழுதியவர் சொல்ல வந்ததில் குண்டுமணி அளவும் குறையாது. அந்தக் கர்வம் அவளுக்கு உண்டு.

அப்பா இறந்த மறு வாரம் அண்ணன் ஒரு குறிப்போடு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தான். இருக்கிற கட்டத்தைப் போல இரண்டு மடங்கு நீளம்.

"நீயே சுருக்கிடு. அர்த்தம் மட்டும் மாறக்கூடாது."

அவள் ஆரம்பித்தாள். 'பேருந்து ஓட்டுநர் பணியினை முப்பது ஆண்டுகளாகச் செய்து வந்தார் என்பதும், அக்காலகட்டத்தில் விபத்து எதுவும் ஏற்படவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.' இது, 'முப்பது ஆண்டுகள் விபத்தின்றிப் பேருந்து ஓட்டினார்' ஆயிற்று. படிக்கவே நன்றாக இருந்தது. அப்பா கேட்டிருந்தால் மீசையைத் தடவியிருப்பார்.

அடுத்த வாக்கியத்தில் கை நின்றது. 'அவர் நோய்வாய்ப்பட்டிருந்த காலகட்டத்தில் அவரைப் பராமரிக்கும் பொறுப்பினை மகனாகிய நான் ஏற்றுச் செயல்பட்டு வந்தேன் என்பதை இத்தருணத்தில் தெரிவித்துக்கொள்ள விரும்புகிறேன்.'

அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த நான்கு வருடமும் அவரைப் புரட்டிப் போட்டவள், துடைத்தவள், ஊட்டியவள் அவள். அண்ணன் தலை காட்டியது இரண்டு முறை. இரண்டாவது முறை காரைவிட்டு இறங்கவே இல்லை. ஆனாலும் வேலை வேலைதான். வெட்டினாள்.

'நோயுற்றபோது மகன் நானே பராமரித்தேன்.'

அர்த்தம் அப்படியே இருந்தது. போர்வை மட்டும் போய்விட்டது. அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள். அவன் முகம் சுருங்கியது.

"என்ன இது, மொட்டையா இருக்கு?"

"நீங்க எழுதினதுதாண்ணா. எதையும் விடல, எதையும் சேர்க்கல."

அவள் காத்திருந்தாள். இப்போதாவது அந்த 'நானே'யைத் தொண்டையில் சிக்கிய முள்ளாக உணர்ந்து, "தங்கச்சியும்னு போடு" என்று சொல்வான் என்று நினைத்தாள். அந்த ஒரு சொல் போதும் அவளுக்கு.

"இது மட்டும் பழையபடி நீளமாவே இருக்கட்டும். கேட்க மரியாதையா இருக்கும்."

"இடம் பத்தாதுண்ணா."

அவன் திரையில் விரல் வைத்தான். "அப்போ இந்த பஸ் வரியை எடுத்துடு. அவர் டிரைவர்னு ஊருக்கே தெரியுமே."

காசு கொடுத்துப் போடுகிற அஞ்சலியில் கொடுத்தவர் சொல்வதே முடிவு. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவள் கை அர்த்தத்தை வெட்டியது. கட்டம் சரியாக நிரம்பியது.

காலையில் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பத்திரிகையை மடியில் விரித்து, ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டினாள். கடைசிவரை போன விரல் மறுபடி மேலே வந்தது.

"அப்பா பஸ் ஓட்டினதைக் காணோமேம்மா?"

"இடம் பத்தலம்மா" என்றாள் கத்தரி.