சித்ராதேவி ஒதுக்கிவைத்த நானூறு கேள்விகள்

அருள்புரத்துப் பனியன் கம்பெனியில் தைத்த துணியில் குறை இருக்கிறதா என்று பன்னிரண்டு வருடம் செக்கிங் பார்த்த சித்ராதேவி, இப்போது அதே கம்பெனியின் செயற்கை நுண்ணறிவு மாடலுக்குத் தரவு சரிபார்க்கிறார். தொழிலாளர்கள் லீவு, பி.எஃப். பற்றித் தமிழில் கேட்டால் அது பதில் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் வெறும் உளறல்தான்.

"அது கத்துக்க லட்சம் வாக்கியம் குடுத்தோமேங்க," என்றார் முதலாளி சுரேந்தர்.

"எல்லாம் இங்கிலீஷ்ல இருந்து மிஷின் மொழிபெயர்த்தது சார். நெட்ல தமிழே கொஞ்சந்தான் இருக்கு. அதுலயும் நம்ம ஆளுங்க பேசுற மாதிரி எங்க இருக்கு?"

அந்த வாக்கியங்களில் பெரும்பகுதியை ரிஜெக்ட் செய்துவிட்டார். தையல் லைனில் ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்கி, கொங்குப் பேச்சையும் தெற்கத்திப் பேச்சையும் பதிவு செய்தார். பேசியபடியே எழுதி, விவரம் தெரிந்தவர்களிடம் பதில் வாங்கினார். நாலாயிரம் கேள்விகள் சேர்ந்தன. நானூறை மட்டும் மாடலுக்குக் காட்டாமல், அதைச் சோதிக்க ஒதுக்கிவைத்துவிட்டு, மீதியைக் கற்றுக்கொடுத்தார். அந்தச் சோதனையில் முன்பு நூற்றுக்கு முப்பது சரியாகச் சொன்ன மாடல், இப்போது எழுபதைத் தொட்டது. அந்தப் பிடிவாதத்துக்குத் தலைவணங்கத்தான் வேண்டும்.

சுரேந்தருக்கு ஆசை விடவில்லை. "அந்த நானூறையும் சேர்த்துக் கத்துக்குடுத்துட்டா தொண்ணூறு வருமுங்களே?"

சித்ராதேவி திரையிலிருந்து நிமிரவில்லை. "தைச்சவங்களே செக்கிங்கும் பார்த்தா, அந்தப் பீஸை நீங்க அனுப்புவீங்களா சார்?"