கூந்தலுக்குப் பின்னால் இருந்த கழுத்து

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். என் கடைக்கு வந்த முகம் எதுவும் பருவோடு திரும்பிப் போனதில்லை. பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம், கேட்டாலும் கேட்காவிட்டாலும் துடைத்துவிடுவேன். யாரும் ஏன் துடைத்தாய் என்று சண்டைக்கு வந்ததில்லை. அதனால் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு.

போன சித்திரையில் பசுவந்தனைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும், இங்கே தீப்பெட்டி ஆபீஸில் பேக்கிங் வேலை. இடுப்புக்குக் கீழே வரைக்கும் முடி. அதைப் பின்னாமல், இடது தோள் வழியாக முன்னால் போட்டிருந்தாள். போனில் தங்கச்சி கல்யாணத்தில் எடுத்த படம் ஒன்றைக் காட்டினாள். அதிலும் முடி இடது பக்கம்தான் கிடந்தது.

"அக்கா, தாடை வரைக்கும் வெட்டிரலாம்னு இருக்கேன். எப்படி இருப்பேன்னு இந்தப் படத்துல காட்ட முடியுமா? வெட்டுன பொறவு ஒட்ட வைக்க முடியாதுல்லா."

"இம்புட்டு முடியையா? என்னத்துக்கும்மா?"

"வெயில்ல கழுத்து வெந்து போகுது. அம்மா கூடவே கூடாதுங்காவ. எனக்கும் பயந்தான். பாத்துட்டு முடிவு பண்ணுதேன்."

படத்தில் முடியைச் சின்னதாக்குவது அழிப்பதோடு முடிகிற வேலை இல்லை. அழித்த இடம் ஓட்டையாக நிற்கும். அங்கே என்ன இருந்திருக்கும் என்று நாம்தான் போட வேண்டும். முடியின் வெளிக்கோட்டைத் தாடை வரைக்கும் இழுத்துச் சுருக்கினேன். ஓரம் நறுக்கென்று இருந்தால் சவுரி மாதிரித் தெரியும் என்று நுனியில் சில இழைகளை ஒவ்வொன்றாக வரைந்தேன். பின்னால் மண்டபத்துப் பச்சைத் திரை. அதன் மடிப்புகளைப் பக்கத்திலிருந்து நகலெடுத்து, கோடு விலகாமல் கீழே வரைக்கும் ஓட்டினேன். சேலை பார்டரையும் அப்படியே நீட்டினேன். மிச்சம் இருந்தது இடப்பக்கக் கழுத்து. படத்தில் தெரிந்த வலப்பக்கக் கழுத்தை எடுத்துத் திருப்பிப் போட்டு, வெளிச்சம் விழும் பக்கத்துக்குத் தக்கபடி நிழலைச் சரிசெய்தேன். ஒட்டு எங்கே என்று எனக்கே தெரியவில்லை.

கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினேன். பாராட்டுவாள் என்று காத்திருந்தேன்.

படத்தில் இருந்த முகத்தை அவள் பார்க்கவே இல்லை. கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு அக்கா. ஆனா இது என் கழுத்து இல்ல."

முடியைக் கையால் ஒதுக்கினாள். காதுக்குக் கீழிருந்து தோள் வரைக்கும் தோல் சுருங்கி இழுபட்டிருந்தது. பதினாறு வயதில், தீப்பெட்டி அடைக்கும்போது தீக்குச்சிக் கட்டு மொத்தமாகப் பற்றிக்கொண்டதாம். வேர்த்தால் அந்த இடம் அரித்துப் பிடுங்கும். அதற்குத்தான் முடி வேண்டாம் என்கிறாள். அதை மூடத்தான் இத்தனை வருடம் வளர்த்தும் இருக்கிறாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெட்டினால் வெளியே தெரியப்போவதைப் பார்த்துக்கொள்ள வந்தவளிடம், அது இல்லாத கழுத்தைக் காட்டி நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறேன்.

"தப்பு என்மேலதாம்மா. கேக்காம நானாப் போட்டுட்டேன். இங்கன உக்காரு, இருக்குறதையே போடுவோம்."

முடியை மேலே தூக்கிக் கட்டச் சொன்னேன். கல்யாணப் படத்தில் திரும்பியிருந்த அதே அளவுக்குத் திரும்பச் செய்து, வெளிச்சத்தையும் அதே பக்கத்தில் வைத்து எடுத்தேன். நான் திருப்பிப் போட்ட கழுத்தை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் இதைப் பொருத்தினேன். அப்போதும் பாருங்கள், பழகின கை சும்மா இருக்கவில்லை, சிவப்பைக் கொஞ்சம் மட்டுப்படுத்தப் போனது.

"குறைக்காதீங்க அக்கா. நான் பாக்கணும்."

கையை எடுத்துவிட்டேன். அவள் வெகு நேரம் பார்த்தாள். அடுத்த ஆள் பாஸ்போர்ட் படத்துக்கு வந்து நின்றார். அவரை டீ குடித்துவிட்டு வரச் சொன்னேன்.

"நான் நெனச்ச அளவுக்கு மோசமா இல்ல," என்றாள் கடைசியில். "ஒண்ணு பிரிண்ட் போட்டுத் தாங்க. அம்மாட்ட காட்டணும்."

பத்து நாள் கழித்து வந்தாள். தாடை வரைக்கும் வெட்டியிருந்தாள். கூடவே அவள் அம்மா. வாசல் ஏறினதிலிருந்து அம்மா தன் முந்தானையை எடுத்து மகள் கழுத்தில் போடப் பார்ப்பதும், இவள் விலக்குவதுமாக இருந்தார்கள்.

"ரெண்டு பேரையும் சேத்து ஒரு படம் எடுங்க அக்கா."

வழக்கமாக யார் எந்தப் பக்கம் என்று நான்தான் சொல்வேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அவள் அம்மாவை வலது பக்கம் உட்கார வைத்துவிட்டு, இடப்பக்கக் கழுத்தைக் கேமராவுக்குக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள். அம்மாவின் கை மறுபடியும் முந்தானைக்குப் போனது. மகள் அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

எடுத்த படத்தில் எதையும் தொடாமல் பிரிண்ட் கொடுத்தேன்.