ஏழு வாய்ப்பு மீதி

இருபத்தாறு வருடங்களாகப் பூட்டுத் திறப்பதுதான் அவருக்குத் தொழில். ஊரே பூட்டுக்காரர் என்றுதான் கூப்பிடும். நம்பர் மறந்துபோன பெட்டி வந்தால், மூன்று சக்கரத்தையும் பூஜ்யத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டே போவார். ஆயிரத்துக்குள் எப்படியும் திறந்துவிடும்.

அந்தக் கைப்பழக்கம்தான் அன்று காலை அவரைக் கவிழ்த்தது. போனுக்கு பாட்டரி மாற்றிப் போட்டதும், சிம்முக்கு எப்போதோ வைத்த நாலு இலக்க 'பின்' நம்பரைக் கேட்டது. மூன்று முறை தப்பாகப் போட்டார். சிம் பூட்டிக்கொண்டு, அதைத் திறக்கும் பி.யு.கே. எண்ணைக் கேட்டது. எட்டுப் பூஜ்யம் போட்டார். கடைசிப் பூஜ்யத்துக்குப் பதில் ஒன்று வைத்துப் பார்த்தார், பிறகு இரண்டு. 'இன்னும் ஏழு வாய்ப்பு' என்றது திரை.

அதோடு கையை எடுத்துவிட்டு சிம் கம்பெனிக் கடைக்கு நடந்தார். ஊரில் பாதிக் கதவுகளில் ஒட்டியிருப்பது அவருடைய அந்த போன் நம்பர்தான். அது போனால் பிழைப்பே போச்சு.

"வரிசையாப் போட்டா கிடைச்சிடாதாம்மா?"

கவுண்டர் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "எட்டு இலக்கம் சார். பத்துக் கோடி நம்பர் இருக்கு, உங்களுக்குப் பத்துத் தடவைதான். அதுவும் தப்பினா இந்தக் கார்டை எங்களாலயும் திறக்க முடியாது. அதே நம்பரைப் புதுக் கார்டுலதான் வாங்கணும். சிம் வந்த அட்டை இருக்கா? அதுலயே பி.யு.கே. அச்சடிச்சிருக்கும்."

"பதினாலு வருஷம் ஆச்சும்மா. எங்க தேட?"

"பரவால்ல, எங்க பதிவுல இருக்கு. அடையாள அட்டை குடுங்க." கணினியைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். "இது ஒரு அம்மா பேர்ல இருக்கே."

அப்போதுதான் நினைவு வந்தது. வேலை தலைக்குமேல் இருந்த ஒரு நாளில், மனைவியை அனுப்பித்தான் அந்த சிம்மை வாங்கினார்.

"என் சம்சாரம்தான். பேசறது முழுக்க நான்தாம்மா."

"புருஷன்னு சொல்லிட்டு யாராச்சும் வந்தா வீட்டைத் திறந்து விட்டுடுவீங்களா சார்?"

அவர் கடை போனை இரவல் வாங்கி, மனைவி வேலை பார்க்கும் சலவைக் கடைக்குப் பேசினார்.

அரை மணியில் ஈரக் கையைத் துடைத்தபடி வந்து சேர்ந்தாள். "வீடு, கடை, வண்டி எல்லாம் உங்க பேர்ல. எனக்கும் ஒண்ணு எழுதி வச்சிருக்கீங்களே. சொல்லவே இல்ல?"

"நீ வேற ஏம்மா."

கவுண்டர் பெண் அவளுடைய அடையாள அட்டையையும் முகத்தையும் ஒத்துப் பார்த்து, எட்டு இலக்கத்தைத் தாளில் எழுதிக் கொடுத்தாள். மனைவி ஒவ்வொன்றாக அழுத்தினாள். புது 'பின்' நம்பர் வைக்கச் சொன்னது திரை. அவர் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அங்க என்ன பாக்கறீங்க?"

"நம்பர் வைக்கும்போது பூட்டுக்காரன் பாக்கக் கூடாது."

"அது ஊரார் வீட்டுக்கு. இங்க வாங்க, மறக்காம மனசுல வச்சுக்கங்க."

அவள் இரண்டாம் தடவையும் அதே நம்பரைப் போட்டு முடித்தாள். சிக்னல் வந்த சற்று நேரத்தில் போன் அடித்தது. அவர் கை நீட்டுவதற்குள் அவளே எடுத்து, "சொல்லுங்க, எந்தத் தெரு?" என்றாள்.