முதலில் போய் நின்ற ராஜா

தி. நகர் கல்யாண மண்டபம் ஒன்றில் ஐந்து நாள் சதுரங்கப் போட்டி நடந்தது. மாடியில் முகூர்த்தம் நடக்கும் கூடத்தில் எண்பத்திரண்டு மேஜைகள். கீழே சாப்பாட்டுக் கூடத்தில் பெற்றோர்கள். அவர்களுக்கு மேலே வர அனுமதி இல்லை. கடைசி நாள் காலையில் கீழே அறுபத்து மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் மயிலாப்பூரிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே வந்துவிட்டதால் எண்ணுவதற்கு நேரம் இருந்தது.

எனக்கு எழுபத்து நான்கு வயது. ரேட்டிங் என்கிற தரப்புள்ளி பெயருக்கு எனக்கும் உண்டு. எட்டு ஆட்டங்களில் ஒன்றரைப் புள்ளி எடுத்திருந்தேன். நாற்காலியின் உயரம் சரியில்லை, மின்விசிறி நேராக என் கழுத்தில் அடித்தது, எதிரே உட்கார்ந்த பையன்களெல்லாம் காலை ஆட்டினார்கள். காரணங்கள் இன்னும் இருக்கின்றன. எப்படியோ, ஒன்பதாவது சுற்றுக்கு என்னை எண்பதாவது மேஜைக்குத் தள்ளிவிட்டார்கள். எதிராளி ஒரு பெண்மணி, நாற்பத்தைந்து வயதிருக்கும்.

அவரை எனக்கு முகம் தெரியும். ராயப்பேட்டையில் ஜாக்கெட் தைக்கும் கடை வைத்திருப்பவர். தன் பெண்ணைப் போட்டிகளுக்குக் கூட்டிக்கொண்டு வந்து ஏழு வருஷம் இது போன்ற மண்டபங்களின் கீழ்த்தளத்திலேயே காத்திருந்தவர். பெண் பத்தாம் வகுப்போடு ஆட்டத்தை விட்டுவிட்டாள். அம்மா விடவில்லை. இந்த முறை தன் பெயரையே கொடுத்துவிட்டு மாடிக்கு வந்துவிட்டார். அவருக்கு இதுதான் முதல் போட்டி.

சுற்று தொடங்குவதற்கு முன் அவர் நடுவரின் மேஜையருகே நின்றுகொண்டிருந்தார். நான் இரண்டடி தள்ளி நின்றதால் எல்லாம் காதில் விழுந்தது.

"தம்பி, இன்னிக்கும் முட்டைன்னா இன்னா ஆவும்?"

"முதல் போட்டியில ரேட்டிங் உள்ளவங்க கூட ஆடி அரைப் புள்ளியாவது எடுக்கணும் மேடம். இல்லன்னா இந்தப் போட்டியையே கணக்குல எடுத்துக்க மாட்டாங்க."

"எனக்கு ஒரு பாயின்ட் கீதே?"

"அது எதிராளி இல்லாம வந்த பாயின்ட். நாலாவது ரவுண்டுல ஆள் ஒத்தப்படையா போச்சுல்ல? அது சேராது."

"அப்போ அஞ்சு நாளா கடைய மூடிக்கினு வந்தது? ஆடவே இல்லன்னு அர்த்தமா?"

நடுவர், இருபத்தைந்து வயதுப் பையன், சங்கடமாகச் சிரித்தான். "அப்படித்தான் மேடம்."

ஏழு ஆட்டம் ஆடி ஏழும் தோற்றிருந்தார். மிச்சம் இருந்தது என்னோடு ஆடும் ஆட்டம் மட்டும். டிரா கேட்பாரோ, கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தபடியே போய் உட்கார்ந்தேன். அவர் கேட்கவில்லை. கை கொடுத்தார், கடிகாரத்தை அழுத்தினார், ஆட ஆரம்பித்துவிட்டார். நானும் எதையும் தானமாகக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். கொடுத்தால் அது அவருக்கும் அவமானம்.

மூன்று மணி நேரம் ஆனது. காய்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, என்னிடம் ராஜா, ஒரு யானை, ஒரு சிப்பாய். அவரிடமும் அதே. என் யானையால் அவர் யானையை வெட்டினேன், அவருடைய ராஜா என் யானையை எடுத்தது. அவருடைய கடைசிச் சிப்பாய் என் ராஜாவின் காலடியில் நின்றது, அதை நான் எடுத்தேன். இப்போது பலகையில் மூன்றே காய்கள்: என் ராஜா, என் சிப்பாய், அவருடைய ராஜா. நகர வேண்டியது அவர். என் கடிகாரத்தில் பதினான்கு நிமிடம், அவர் கடிகாரத்தில் ஆறு.

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். என் சிப்பாய் இ3 கட்டத்தில், அதாவது என் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையில், பலகையின் நடுவே இருந்தது. அப்படி ஒரு சிப்பாய்க்கு இரண்டு வரிசை முன்னால் மூன்று கட்டங்கள் முக்கியமானவை: நேர் எதிரே ஒன்று, அதன் இரு பக்கமும் ஒவ்வொன்று. என் ராஜா அந்த மூன்றில் எதையாவது பிடித்துவிட்டால் சிப்பாய் கடைசி வரிசைக்குப் போய் ராணியாகிவிடும். எதிராளியின் ராஜா என்ன செய்தாலும் தடுக்க முடியாது. பிடிக்க விடாமல் அவர் மறிக்க வேண்டுமென்றால் வழி ஒன்றுதான். இரண்டு ராஜாக்களும் ஒரு கட்டம் இடைவெளி விட்டு நேருக்கு நேர் நிற்க வேண்டும், நகரும் முறை என்னுடையதாக இருக்க வேண்டும். ராஜாக்கள் அடுத்தடுத்த கட்டத்தில் நிற்கக் கூடாது என்பதால் நகருகிறவன் வழிவிட்டே ஆக வேண்டும். இதற்கு ஆப்போசிஷன் என்று பெயர். இதெல்லாம் எனக்கு ஐம்பது வருஷமாகத் தெரியும்.

அவருடைய ராஜா தூரத்தில், அவர் பக்கத்துக் கடைசி வரிசையில், சி8 கட்டத்தில் இருந்தது. என்னை மறிக்க அது இ6 கட்டத்துக்கு வர வேண்டும். ராஜா குறுக்கே போனாலும் நேரே போனாலும் ஒரு நகர்த்தலுக்கு ஒரு கட்டம். எண்ணினேன், இரண்டு. என் ராஜா எஃப்3இல் நின்றது. சிப்பாய்க்கு முன்னால் உள்ள இ4க்குப் போக எனக்கு ஒன்று. எனக்கு ஒன்று, அவருக்கு இரண்டு. மறுபடி எண்ணினேன், அதே விடை. சந்தோஷமாக இருந்தது.

அவர் ராஜாவைக் குறுக்கே ஒரு கட்டம் கொண்டுவந்தார். நான் இ4க்குப் போய் நின்றேன்.

அவர் உடனே ஆடவில்லை. கைக்குட்டையால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு இன்னொரு குறுக்கு அடி. அவருடைய ராஜா இ6இல், என் ராஜாவுக்கு நேர் எதிரே, ஒரே ஒரு கட்டம் விட்டு நின்றது.

நகர வேண்டியது நான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் முதலில் போய்ச் சேர்ந்தேன், அவர் இரண்டாவதாக வந்தார். இந்த விஷயத்தில் இரண்டாவதாக வருகிறவருக்குத்தான் லாபம். நான் நேரே போகாமல் எஃப்4இல் ஒதுங்கி நின்றிருக்க வேண்டும். அவர் இ6க்கு வந்த பிறகு நான் இ4க்குப் போயிருந்தால் நகரும் கஷ்டம் அவருடையதாகியிருக்கும், மூன்று கட்டங்களில் ஒன்று எனக்குக் கிடைத்திருக்கும். தூரத்தைச் சரியாக எண்ணிய நான் முறையை எண்ணவில்லை.

இருந்தாலும் விடவில்லை. அவர் இனிமேல் தவறு செய்யலாமே. நான் இடப்பக்கம் ஒதுங்கினேன், அவரும் என் எதிரே ஒதுங்கினார். சிப்பாயைத் தள்ளினேன், அவர் அதற்கு முன்னால் வந்தார். இன்னொரு முறை தள்ளினேன், நேராக ஒரு அடி பின்வாங்கினார். என் ராஜா முன்னேறியது, அவருடையது மறுபடி எதிரே வந்து நின்றது. சிப்பாயைத் தள்ளிச் செக் சொன்னேன், அவர் சிப்பாயின் முன்னால் போனார்.

அடுத்து என் ராஜா சிப்பாயின் பின்னால் வந்தது. ஆட்டத்தின் குழி இங்கேதான். அவருக்குப் பின்வாங்க மூன்று கட்டங்கள்: நேர் பின்னால் ஒன்று, இரு பக்கமும் சாய்வாக ஒவ்வொன்று. சாய்வாகப் போனால் நான் அவர் எதிரே வந்து நின்றுவிடுவேன், சிப்பாய் ராணியாகிவிடும். நேராகப் போனால் மட்டுமே பிழைப்பு. ரேட்டிங் உள்ள எத்தனையோ பேர் இந்த இடத்தில் பதறிப்போய்ச் சாய்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். போன வருஷம் நானே சாய்ந்தேன்.

அவர் கடிகாரத்தில் இரண்டு நிமிடம் இருந்தது. கை காயின் மேல் போகவில்லை, மடியிலேயே இருந்தது. உதடுகள் மட்டும் அசைந்தன. பிறகு ராஜாவை எடுத்து நேராகப் பின்னால் வைத்தார், தைத்து முடித்த துணியை மடித்து வைப்பது போல, அவசரமில்லாமல்.

இன்னும் இரண்டு நகர்த்தல்கள். கடைசியில் என் ராஜா சிப்பாயின் பின்னால் நின்றது. அவருடைய ராஜாவுக்குச் செக் இல்லை, ஆனால் போக ஒரு கட்டமும் இல்லை. ஸ்டேல்மேட். சமம். மூன்று காய்கள் மட்டும் மிஞ்சிய பிறகு நான் ஆடியது பத்து நகர்த்தல்கள், அவர் ஆடியதும் பத்து. அந்தப் பத்தில் ஒன்றைக்கூட அவர் தவறவிடவில்லை.

கை கொடுத்தபோது அவர் கை ஜில்லென்று இருந்தது.

வெளியே மாடிப்படியில் பலகையை விரித்தோம். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் என் ராஜாவை எடுத்து எஃப்4இல் வைத்தார்.

"இங்க வந்திருந்தா நான் காலி சார். நீங்க யோசிச்சிக்கினு இருந்தப்போ நான் அந்தக் கட்டத்தைப் பார்க்கவே இல்ல. பார்த்தா நீங்களும் பார்த்துருவீங்களேன்னு."

"முன்னாடியே தெரியுமா?"

"நீங்க என் சிப்பாயை எடுத்தப்பவே தெரியும். செத்தேன்னுதான் நெனச்சேன். சரி, போய்ப் பார்ப்போம்னு ராஜாவை எடுத்தேன்."

எங்கே படித்தார் என்று கேட்டேன். எந்தப் புத்தகம், எந்த மாஸ்டர்.

"மாஸ்டரா? கீழ ஹால்லதான். ஒரு டப்பால இருந்த பழைய செட்டு. பசங்க ராணி, குதிரை, யானையெல்லாம் எடுத்துக்கினு போய்டுவாங்க. ரெண்டு ராஜாவும் அஞ்சாறு சிப்பாயும்தான் மிச்சம் கெடக்கும். நாங்க அம்மாங்க வேற இன்னாத்த ஆடறது? அதைத்தான் ஆடுவோம். தோத்தவங்க எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வரணும். மொத ரெண்டு வருஷம் நான்தான் வாங்கினேன்."

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏழு வருஷம், வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு போட்டி, ஒவ்வொன்றிலும் நாலைந்து நாள், நாளுக்கு ஐந்தாறு மணி நேரம். பாதியில் விட்டுவிட்டேன். நான் ஐம்பது வருஷத்தில் இந்த மூன்று காய்களோடு மொத்தமாகச் செலவழித்தது ஒரு மழைக்கால விடுமுறை. அதுவும் புத்தகத்தோடு. தொடக்க ஆட்டத்தில் அவர் பரிதாபம்தான், எட்டாவது நகர்த்தலுக்குள் ஒரு குதிரையை இழந்துவிடுவார். ஆனால் இந்த மூன்று காய்களில், அந்த மண்டபத்தில் இருந்த நூற்று அறுபத்து நான்கு பேரில் அவருக்குச் சமமாக எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

கீழேயிருந்து இரண்டு அம்மாக்கள் படியேறி வந்தார்கள்.

"இன்னாக்கா, இன்னிக்கும் முட்டையா?"

"போடி. பாதி."

"மெய்யாலுமா? பெரியவரே, பாவம்னு விட்டுட்டீங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. "நான் யாருக்கும் எதையும் விட்டதில்லை. ஜெயிக்கப் பார்த்தேன், முடியவில்லை" என்றேன். குரல் சற்று உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, உள்ளேயிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து உஸ் என்றார்.

தையற்கடைக்காரர் நடுவரின் மேஜைக்குப் போனார். நானும் கூடவே போனேன், முடிவுத் தாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். பையன் கணினியில் தட்டினான். "ஏத்திட்டியா தம்பி?" என்றார். "ஏத்திட்டேன் மேடம்." "திருப்பிக் காட்டு." அவன் திரையைத் திருப்பினான். அவர் பெயருக்கு நேரே ஏழு பூஜ்யங்கள், நடுவில் அந்த ஆடாத ஒன்று, கடைசியில் ஒரு அரை.

"இப்போ இந்தப் போட்டி கணக்குல சேருமா?"

"சேரும் மேடம்."

"எல்லாமேவா? தோத்தது ஏழும்?"

"எல்லாமே."

"தோத்ததும் சேரட்டும்" என்று சொல்லிவிட்டுக் கைபேசியை எடுத்துப் பெண்ணைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் என்ன கேட்டாள் என்று தெரியவில்லை. இவர் சொன்னது மட்டும் கேட்டது.

"அரைடி... இல்ல, யாரும் குடுக்கல. அந்த சார் ஒரு அடி சீக்கிரமா வந்துட்டாரு. மிச்சத்தை நான் எடுத்தேன்."

நான் கையெழுத்துப் போட்டேன். அவர் சொன்னது அத்தனையும் சரி.