பதிவில் இருந்த பெயர்

ஏற்காடு பஸ் நிலையத்தின் எதிரே எஸ்.டி.டி. பூத் நடத்திய சரஸ்வதிக்குச் சும்மா உட்காரத் தெரியாது. 1999 பிப்ரவரியில், மலையின் லாட்ஜ் அறைகளைப் பட்டியலிட்ட ஓர் இணையதளம் விலைக்கு வந்தபோது, பூத்தில் இருந்த கணினியில் அன்றே அதைக் குடைந்து பார்த்தாள். லாட்ஜ் உரிமையாளர் செல்வராஜ் இரண்டு வருடம் நடத்திய தளம் அது.

"தொண்ணூறாயிரம் பேர் பார்த்திருக்காங்க. பக்கத்துக்கு அடியில ஓடற கவுண்ட்டரைப் பாருங்க. அறுபதாயிரம் குடுங்க," என்றார்.

"ஏனுங்க, கவுண்ட்டரை எந்த நம்பர்ல வேணும்னாலும் ஆரம்பிக்கலாமுங்களே. ரூம் கேட்டு வந்த மெயிலைக் காட்டுங்க."

மூன்று மாதத்தில் அறுபது மெயில்; அதில் பதினொரு அறைகள்தான் நிரம்பியிருந்தன. கமிஷன் மாதம் ஆயிரத்தைந்நூறு. ஒரு வருட வருமானம் பதினெட்டாயிரம். அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடத் தர மாட்டேன் என்றாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார்.

முன்பணம் கொடுக்கும் முன் அந்தத் தளத்தின் இணைய முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று தேடினாள்; பதிவு யார் பெயரிலோ, தளம் அவர் கையில்தான். செல்வராஜ் பெயர் இல்லை. ஐயாக்கண்ணு என்று இருந்தது.

"தளம் போட்டுக் குடுத்த பையனுங்க. அவனே பதிஞ்சுட்டான்போல. எனக்குத் தெரியாதுங்களே!" செல்வராஜ் நிஜமாகவே திகைத்துப்போனார்.

பதிவிலிருந்த மின்னஞ்சல், ஐயாக்கண்ணு எப்போதோ விட்டுவிட்ட வேலையின் முகவரி. அதற்கு அனுப்பிய கடிதம் திரும்பி வந்தது. அதனால், முகவரிகளைப் பதியும் அமெரிக்க நிறுவனம் கேட்டது, நோட்டரி முன்னால் அவன் கையெழுத்திட்ட பெயர் மாற்றப் படிவம். விசாரித்தால், வெள்ளிக்கிழமை அவனுக்கு மஸ்கட் விமானம். அன்று புதன்.

வியாழன் முதல் பஸ்ஸில் அவளும் செல்வராஜும் சேலத்தில் இருந்த அவன் வீட்டுக்குக் கிளம்பினார்கள். கொண்டை ஊசி வளைவுகள் முழுக்கச் சரஸ்வதி படிவத்தை எடுத்தும் மடித்தும் வைத்தபடி இருந்தாள்.

ஐயாக்கண்ணு பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். "என் பேர்லயே கெடக்கட்டுமுங்க. நான் அங்கிருந்து பார்த்துக்கறேன்."

"நீங்க பாஸ்வேர்டை மறந்தா லாட்ஜ்காரங்க என் ஊட்டு வாசல்லதானுங்களே வந்து நிப்பாங்க? கையெழுத்து இல்லாம நான் வாங்கறதில்லைங்க," என்றாள்.

செல்வராஜ் மெதுவாகக் கேட்டார்: "உனக்கு ரெண்டு வருசமா என்ன குறை வெச்சேன், கண்ணு?"

ஐயாக்கண்ணு பெட்டியை மூடி வைத்தான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு நோட்டரியிடம் வந்தான்.

செல்வராஜுக்குப் பாதிப் பணம் அன்று. மீதி, பதிவில் தன் பெயர் ஏறிய பிறகு. அதை எழுதியே வாங்கினாள். படிவம் கூரியரில் போனது. தளத்தின் கோப்புகளையெல்லாம் ஃப்ளாப்பிகளில் எடுத்து வேறொரு சர்வரில் ஏற்றினாள். பின்பு தினமும் பத்துத் தடவை பதிவைத் திறந்தாள். மழையில் போன் லைன் அறுந்த இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை.

பத்தொன்பதாம் நாள் காலை திரையில் 'சரஸ்வதி, ஏற்காடு' என்று வந்தது. உடனே செல்வராஜுக்கு மீதியைக் கொடுத்துவிட்டு, கோடை விழாவுக்கு அறை கேட்டிருந்த ஓசூர்க் குடும்பத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தாள்.